பாஸ் என்னும் சிறு அட்டை
அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகளும் பத்திரிகைகளும்

நிருபர் ஒருவர், தாம் எவரைப் பற்றி எழுதுகிறாரோ அவரிடமிருந்தே பரிசிலோ, இலவசப் பிரயாணமோ, விருந்துபசாரமோ பெறலாமா? இன்று இவ்வினா பெரும்பாலும் பத்திரிகையாளர் சங்கங்களின் ஒழுக்க விதிகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றது. தனி மனிதனின் நேர்மையைப் பற்றிய வினாவாகவே அதனைப் பலரும் கருதுகின்றனர். நல்லவன் வாங்கமாட்டான், தீயவன் வாங்குவான் என்பதோடு விவகாரம் முடிந்துவிடுகின்றது. ஆனால் ஒரு காலத்தில், ஒரு நாட்டில், இவ்வினா சட்டசபையையும் உயர் நீதிமன்றத்தையும் எட்டியது. அங்கே அது தனி மனிதரின் குணத்தைப் பற்றியதாக அன்றி, ஏகபோக மூலதனத்துக்கும் பொதுஜன அபிப்பிராயத்துக்கும் இடையேயுள்ள உறவைப் பற்றியதாக எழுந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புகையிரதக் கம்பனிகள் பத்திரிகையாளருக்கு வழங்கிவந்த இலவசப் பிரயாணச் சீட்டின் வரலாற்றையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். அந்நாட்டு மக்கள் அதனைச் சுருக்கமாகப் 'பாஸ்' என்றே வழங்கினர். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டு முடிவுற்ற பின்னர், அந்நாட்டின் பொருளாதாரத்தில் புகையிரதக் கம்பனிகளுக்கு நிகரான சக்தி வேறெதுவும் இருக்கவில்லை. மேற்கு மாநிலங்களின் விவசாயி தன் கோதுமையைச் சந்தைக்கு அனுப்பப் பெரும்பாலும் ஒரே ஒரு கம்பனியின் பாதைதான் இருந்தது. அக்கம்பனி விதித்த கூலியே கூலி. பெரிய எண்ணெய்க் கம்பனிக்கு இரகசியக் கழிவு, சிறிய வியாபாரிக்கு முழுக் கட்டணம் என்பது அன்றைய நடைமுறை. கம்பனிகளுக்கு அரசாங்கம் நிலத்தை வாரி வழங்கியிருந்தது. அவற்றின்மீது எவ்வளவு வரி விதிப்பது, கட்டணத்துக்கு உச்சவரம்பு வைப்பதா இல்லையா என்பவற்றையெல்லாம் மாநிலச் சட்டசபைகளே தீர்மானித்தன. எனவே சட்டசபை உறுப்பினர், நீதிபதி, பத்திரிகையாசிரியர் ஆகிய மூவரும் கம்பனிகளுக்கு வேண்டியவர்களாயினர். மூவருக்கும் பொதுவான நாணயம் பாஸ்.

அந்த அட்டை கையடக்கமானது. கம்பனியின் பெயரும், பெற்றவரின் பெயரும், செல்லுபடியாகும் ஆண்டும், உத்தியோகத்தர் ஒருவரின் கையொப்பமும் அதிலிருக்கும். பிறருக்குக் கொடுக்கலாகாது என்னும் வாசகமும் இருக்கும். ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். நிரந்தரமாக ஒரு தடவை கொடுத்துவிட்டால் பெற்றவன் மறந்துவிடக்கூடும். ஆண்டு பிறக்கும்போது புதிய அட்டை தபாலில் வருமா வராதா என்னும் ஐயம் பழைய ஆண்டின் இறுதி மாதங்களில் எழுதும் பேனாவுக்கும் சற்றுத் தெரியாமலா இருக்கும்? "இதற்காக நீர் இன்னது எழுதவேண்டும்" என்று எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் எழவில்லை.

சிற்றூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியரை நாம் ஏளனம் செய்துவிடலாகாது. அவரே ஆசிரியர், அவரே நிருபர், அச்சுக்கோப்பவரும் பல வேளைகளில் அவரே. சந்தாப் பணத்துக்குப் பதிலாக விறகும் காய்கறியும் பெற்றுக்கொண்டு பத்திரிகை நடத்தியவர்கள் அக்காலத்தில் பலர். மாநிலத் தலைநகரில் சட்டசபை கூடும்போது அங்கு செல்ல வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் கொலை வழக்கு நடந்தால் அங்கும் செல்ல வேண்டும். பாஸ் இல்லாவிடில் அவர் தம் ஊரைவிட்டு அசைய முடியாது. செய்தி சேகரிப்பதற்கே பாஸ் தேவைப்பட்டது என்று அவர் வாதாடினால் அதில் உண்மை இல்லாமலில்லை.

அவரிடம் இன்னுமொரு வாதமும் இருந்தது. "நான் இனாம் வாங்கவில்லை. கம்பனியின் நேர அட்டவணையை வாரந்தோறும் வெளியிடுகிறேன். அதன் அறிவித்தல்களை வெளியிடுகிறேன். அவற்றுக்கு விலையாகவே பிரயாணம் செய்கிறேன். இது பண்டமாற்று" என்பது அவர் வாதம். அரசாங்க சேவையிலுள்ள நம் ஆசிரியர்கள் புகையிரத வாரண்டில் ஊருக்குச் செல்வதை எவரும் கைக்கூலி என்று சொல்வதில்லையே என்று நம் வாசகர் சிலர் இவ்விடத்தில் நினைக்கக்கூடும். வாரண்டு சேவை நிபந்தனையின் ஒரு பகுதி. எத்தனை என்னும் கணக்கு உண்டு. எல்லோருக்கும் ஒரே விதி. நிலைய அதிபரைப் பற்றி ஆசிரியர் என்ன எண்ணுகிறார் என்பதைப் பார்த்து அது வழங்கப்படுவதில்லை. பாஸ் அப்படிப்பட்டதன்று.

வேறுபாட்டைச் சிறு கணக்கொன்றின் மூலம் காண்போம். இது விளக்கத்துக்காக நாம் கற்பித்துக்கொண்ட கணக்கு. அக்காலத்தில் பல மாநிலங்களில் பிரயாணக் கட்டணம் மைலுக்கு ஏறத்தாழ 3 சதம். ஆசிரியர் ஒருவர் ஆண்டில் 4000 மைல் பிரயாணம் செய்கிறார் என்று கொண்டால் அதன் பெறுமதி 120 டொலர். அவர் வெளியிட்ட நேர அட்டவணைக்கு, கடைக்காரரிடம் அவர் வழக்கமாக வாங்கும் விளம்பரக் கூலிப்படி, 40 டொலர் பெறலாம் என்று கொள்வோம். மிகுதி 80 டொலர் எதற்காக? கொடுத்தவன் கேட்கவில்லை, வாங்கியவன் சொல்லவில்லை. கடனுக்கு அளவு இருந்தால் அதனைத் தீர்த்துவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். இந்த 80 டொலருக்கு எத்தனை வரி எழுதினால் தீரும், எத்தனை வரி எழுதாமல் விட்டால் தீரும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. அளவிடப்படாத கடன் என்பதே பாஸின் பலம். மனைவி மக்களோடு உல்லாசப் பிரயாணம் போவதற்கும் அதே அட்டையைப் பயன்படுத்தினர். மாநிலப் பத்திரிகையாளர் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை தனிப் புகையிரதத்தில் கூட்டமாகச் சுற்றுலாச் செல்வதும் வழக்கமாயிருந்தது. கம்பனி அங்கு உபசரிப்பவர், பத்திரிகையுலகம் விருந்தாளி. விருந்துண்ட வீட்டைக் குறைகூறுவது எந்த நாட்டிலும் மரியாதையன்று.

பாஸ் பெற்ற பத்திரிகை பொய் எழுதியது என்று நாம் சொல்லவில்லை. அதன் விளைவு பெரும்பாலும் மௌனமாகவே வெளிப்படும். மௌனத்தைக் கண்டுபிடிப்பது கடினம். புகையிரதக் கடவையில் வண்டியோடு நொறுங்கிய விவசாயியின் மரணம், 'கவனயீனத்தால் நேர்ந்தது' என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். கடவைக்குக் காவலாளி ஏன் இல்லை என்னும் மூன்றாவது வரி இராது. கம்பனித் தலைவர் ஊருக்கு வந்து சென்றது அரைப் பத்தியாக வரும். அவரிடம் கூலி விகிதத்தைப் பற்றி எவரும் கேட்டதாக அதில் இராது. இத்தகைய பத்திரிகையை இனங்காண வேண்டுமாயின் அதில் இருப்பதை மட்டும் படித்தால் போதாது. அதே வாரத்தில் பக்கத்து ஊர்ப் பத்திரிகையில் வந்து, இதில் வராமற்போனதையும் படித்தல் வேண்டும். ஃபிராங் நொரிஸ் 1901இல் வெளியிட்ட 'ஒக்டோபஸ்' நாவலில் கலிபோர்னியக் கோதுமை விவசாயிகளுக்கும் புகையிரதக் கம்பனிக்கும் நடக்கும் போராட்டம் சித்திரிக்கப்படுகின்றது. அதில் வரும் ஜென்ஸ்லிங்கர் என்னும் உள்ளூர்ப் பத்திரிகையாசிரியன் கம்பனியின் கையாள். இலக்கியமாணவர் அந்நாவலை இயற்கைவாதத்துக்கு எடுத்துக்காட்டாகப் படிப்பதோடு நின்றுவிடாமல், இந்தப் பாத்திரத்துக்காகவும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

விவசாயிகளிடையே பாஸுக்கு எதிரான குரல் நெடுங்காலமாக ஒலித்துவந்தது. மத்திய அரசின் 1887ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடை வர்த்தகச் சட்டம், ஒருவருக்கு நியாயமற்ற சலுகையும் இன்னொருவருக்குப் பாதகமும் காட்டலாகாது என்று விதித்தது. ஆயினும் பாஸ் வழக்கம் அதனால் ஒழியவில்லை. விஸ்கொன்சின் மாநிலத்தில் ஏ. ஆர். ஹோல் என்னும் சட்டசபை உறுப்பினர் பல ஆண்டுகள் விடாப்பிடியாக நின்று போராடியதன் பயனாக 1899இல் அம்மாநிலம் அரசாங்கப் பதவியாளர் பாஸ் பெறுவதைத் தடுத்தது. ஆயின் இத்தகைய சட்டங்கள் முதலில் அரசியல்வாதியையே நோக்கின. பத்திரிகையாளன் தனியார் துறையைச் சேர்ந்தவன் அல்லவா? அவன் மக்களின் வாக்கைப் பெற்றவனா, அரசாங்கச் சம்பளம் வாங்குபவனா?

இந்த நிலை 1905, 1906ஆம் ஆண்டுகளில் மாறியது. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், புகையிரதக் கட்டணங்களுக்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கிடை வர்த்தக ஆணைக்குழுவுக்கு வழங்க முனைந்தார். கம்பனிகள் இதனைத் தம் உயிர்நிலையில் விழுந்த அடியாகக் கருதின. பொதுஜன அபிப்பிராயத்தைத் தம் பக்கம் திருப்புவதற்கு அவை மேற்கொண்ட நடவடிக்கைகளை ரே ஸ்டானர்ட் பேக்கர் என்னும் நிருபர் 1906 மார்ச் மாதத்தில் 'மக்ளூர்ஸ்' சஞ்சிகையில் அம்பலப்படுத்தினார். பத்திரிகைத் தொழிலின் வரலாற்றைக் கற்போர் தவறாது படிக்கவேண்டிய கட்டுரைகளில் அது ஒன்று என்பது நம் அபிப்பிராயம்.

பொஸ்டன் நகரில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு விளம்பரச் செய்தி நிலையத்தைக் கம்பனிகள் கூட்டாக அமர்த்தியிருந்தன. அந்நிலையத்தின் ஆட்கள் ஊரூராகச் சென்று ஆசிரியர்களைச் சந்தித்தனர். ஒவ்வோர் ஆசிரியரைப் பற்றியும் ஓர் அட்டை எழுதப்பட்டது. அவர் எத்தகையவர், புகையிரத விவகாரத்தில் அவர் நிலைப்பாடு யாது, அனுப்பப்பட்ட கட்டுரைகளில் எதனை வெளியிட்டார், எதனை வெளியிடவில்லை என்பனவெல்லாம் அதில் குறிக்கப்பட்டன. அவ்வட்டைத் தொகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் 'பாரமானி' என்பதாகும். காற்றழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல் பத்திரிகைகளின் மனநிலையைப் பார்த்தனர். பேக்கர் தரும் எடுத்துக்காட்டு ஒன்று: நெப்ராஸ்கா மாநிலப் பத்திரிகைகளில் 1905 ஜூன் 5ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் கம்பனிகளுக்கு எதிராக 212 பத்திகளும் ஆதரவாக 2 பத்திகளும் வெளிவந்தன. பதினொரு வாரங்களின் பின்னர் ஆதரவாக 202 பத்திகள்; எதிராக வெறும் 4. அந்தப் பதினொரு வாரத்தில் மைலுக்கு எத்தனை சதம் என்பதோ, விவசாயியின் கடனோ மாறிவிடவில்லை.

காங்கிரஸ் நிறைவேற்றிய ஹெப்பேர்ன் சட்டத்தில் ரூஸ்வெல்ட் 1906 ஜூன் 29ஆம் தேதி கையொப்பமிட்டார். கட்டண அதிகாரமே அதன் மையமாயினும், அதிலுள்ள ஒரு பிரிவு மாநிலங்களுக்கிடையே நடக்கும் பிரயாணத்துக்கு இலவசப் பாஸ் வழங்குவதை 1907 ஜனவரி முதலாந் தேதியிலிருந்து தடைசெய்தது. கொடுப்பவருக்கு மட்டுமன்றி, விலக்குப் பெறாதிருந்தும் அதனைப் பயன்படுத்துபவருக்கும் 100 டொலர் முதல் 2000 டொலர் வரை தண்டம். விலக்களிக்கப்பட்டவர்களின் பட்டியல் நீளமானது: கம்பனியின் ஊழியரும் குடும்பத்தினரும், மதகுருமார், தர்ம ஸ்தாபனங்களைச் சார்ந்தோர், ஏழைகள், விபத்தில் காயமுற்றோர், அவர்களைக் கவனிக்கும் வைத்தியர், தாதிகள் என்று அது செல்கின்றது. அப்பட்டியலில் புகையிரதத்தில் பத்திரிகை விற்கும் பையன்களும் இடம்பெற்றனர். ஆசிரியரும் நிருபரும் இடம்பெறவில்லை. பத்திரிகையை விற்பவன் இலவசமாகப் பிரயாணம் செய்யலாம், எழுதுபவன் செய்யலாகாது. சட்டம் வரைந்தவர்கள் நகைச்சுவைக்காக இதனைச் செய்யவில்லை என்பதை அறிவோம். எனினும் இதைவிடத் தெளிவாக இவ்விஷயத்தை விளக்கிய வாசகம் நம் கண்ணுக்கு அகப்படவில்லை. விற்பவனின் வாயில் கம்பனிக்குத் தேவையானது எதுவும் இல்லை.

இனாம் தடைப்பட்டதும் பண்டமாற்று வாதம் மீண்டும் எழுந்தது. சிக்காகோ, இந்தியானாபொலிஸ், லூயிவில் ஆகிய நகரங்களை இணைத்த மொனொன் என்னும் புகையிரதக் கம்பனி, நியூயோர்க்கின் பிரபல 'மன்சீஸ்' சஞ்சிகையின் வெளியீட்டாளருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சஞ்சிகையில் 500 டொலர் பெறுமதியான விளம்பரம். பதிலாக 500 டொலர் பெறுமதியான பிரயாணச் சீட்டுகள். கணக்குச் சரியாகவே இருந்தது. மேலே நாம் காட்டிய மிகுதி 80 டொலர் இங்கு இல்லை. அப்படியிருந்தும் அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1911இல் உயர் நீதிமன்றம், நீதியரசர் ஹார்லன் எழுதிய தீர்ப்பில், அவ்வொப்பந்தம் சட்டவிரோதமானது என்று முடிவு செய்தது. கட்டணம் பணமாகவே செலுத்தப்பட வேண்டும். பண்டமாகவோ சேவையாகவோ விளம்பரமாகவோ செலுத்தலாகாது.

இத்தீர்ப்பு சற்றுக் கடுமையானதாகத் தோன்றலாம். இதன் நியாயம் எங்கே இருக்கின்றது? ஒரு பக்க விளம்பரத்தின் பெறுமதி இவ்வளவுதான் என்று யார் நிர்ணயிப்பது? 500 டொலர் என்று இருவரும் எழுதிக்கொண்டால் அது 500 ஆகிவிடுமா? பணத்துக்கு மட்டுமே எல்லோருக்கும் தெரிந்த ஒரே பெறுமதி உண்டு. பண்டமாற்றை அனுமதித்தால் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்குள்ளும் ஓர் இரகசியச் சலுகை மறைந்திருக்கலாம். அதனைக் கண்டுபிடிக்க எந்த ஆணைக்குழுவாலும் இயலாது. விதியின் கடுமையால் நிரபராதிகளும் பாதிக்கப்பட்டனர் என்பதையும் சொல்லவேண்டும். அதே ஆண்டில் அதே நீதிமன்றம் தீர்த்த இன்னொரு வழக்கில், கென்டக்கி மாநிலத்து மொட்லி தம்பதிகள் தோல்வியுற்றனர். அவர்கள் 1871இல் ஒரு புகையிரத விபத்தில் காயமுற்று, நட்டஈட்டுக்குப் பதிலாக ஆயுட்கால பாஸ் பெற்றவர்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நிறைவேற்றிவந்த வாக்குறுதியைப் புதிய சட்டத்தைக் காட்டிக் கம்பனி கைவிட்டது. நீதிமன்றம் கம்பனியின் பக்கமே நின்றது. பெருமுதலாளிகளைக் கட்டுப்படுத்த எழுந்த சட்டம் இரண்டு முதியவர்களின் கைச்சீட்டைப் பறித்தது.

பாஸ் ஒழிந்தது மக்களின் வெற்றி என்று கொண்டாடுமுன் ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். பென்சில்வேனியாப் புகையிரதக் கம்பனி, சட்டம் வருமுன்னரே, 1906 ஆரம்பத்திலிருந்து இலவசப் பாஸ் வழங்குவதைத் தானாகவே நிறுத்திவிட்டது. கம்பனிகள் திடீரென ஒழுக்கசீலர் ஆகிவிட்டனவா? பாஸ் பெருஞ் செலவாக வளர்ந்திருந்தது. கேட்பவர் தொகை ஆண்டுதோறும் பெருகியது; கொடாவிட்டால் பகை. பல ஆசிரியர்கள் பாஸைக் கேட்டு வற்புறுத்தினர் என்பதும் உண்மை. கப்பம் வாங்குபவன் யார், கொடுப்பவன் யார் என்பது சில இடங்களில் மயங்கியே கிடந்தது. மேலும், அபிப்பிராயத்தை உருவாக்குவதற்கு இதைவிட மலிவான வழி இப்போது அகப்பட்டுவிட்டது. 'பாரமானி' வைத்திருந்த நிலையம் ஆசிரியருக்குப் பிரயாணத்தைக் கொடுக்கவில்லை. எழுதி முடிக்கப்பட்ட கட்டுரையைக் கொடுத்தது. ஆளும் நேரமும் பணமும் இல்லாத பத்திரிகைக்கு அதுவும் இனாமே. பாஸ் பெற்றவன் குறைந்தபட்சம் இடத்துக்குப் போய்ப் பார்த்தான். கட்டுரை பெற்றவன் அங்கும் போகவில்லை.

இதே 1906ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி, அட்லாண்டிக் நகரை அடுத்த ஒரு பாலத்திலிருந்து மின்சாரப் புகையிரதம் நீரில் வீழ்ந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பென்சில்வேனியாக் கம்பனியின் பிரசார ஆலோசகராக இருந்த ஐவி லீ, பழைய வழக்கப்படி செய்தியை மூடிமறைக்காமல், கம்பனியின் பெயரில் ஓர் அறிக்கையைப் பத்திரிகைகளுக்கு விநியோகித்தார். நிருபர்களையும் படப்பிடிப்பாளரையும் விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துச் செல்லக் கம்பனியே புகையிரதம் ஏற்பாடு செய்தது என்று அத்துறையின் வரலாறுகள் கூறுகின்றன. இது மறுக்கவேண்டிய இலவசப் பிரயாணமா? மறுத்தால் செய்தி தாமதமாகும், வாசகன் நட்டமடைவான். ஏற்றால், எந்த வழியால் செல்வது, யாரை முதலில் சந்திப்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பனவற்றையெல்லாம் கம்பனியே தீர்மானிக்கும். நம் கருத்தில், இத்தகைய வேளையில் நிருபர் செல்லத்தான் வேண்டும். சென்றபின் கட்டணத்தைப் பத்திரிகை செலுத்திவிட வேண்டும். கம்பனி வண்டியில் சென்றதைச் செய்தியிலேயே சொல்லவேண்டும். கம்பனி காட்டாத ஒருவரையாவது அங்கு தேடிப் பேசவேண்டும். மூன்றாவதே மூன்றிலும் கடினமானது. இன்று அமெரிக்க ஜனாதிபதியின் விமானத்தில் செல்லும் நிருபர்களுக்கு அவர்களுடைய செய்தி நிறுவனங்களே கட்டணம் செலுத்தும் வழக்கம் உண்டு. அங்கும் முதலாவது நிபந்தனை நிறைவேறுகிறது. மூன்றாவது ஒவ்வொரு நிருபரின் கால்களைப் பொறுத்தது.

புகையிரதத்தின் இடத்தை விமானமும் ஹோட்டலும் பிடித்துக்கொண்டபோது பழைய கதை புதிய வேடத்தில் தொடர்ந்தது. சட்டம் புகையிரதத்தைத்தான் கட்டுப்படுத்தியது. ஏனையவை பத்திரிகையாளரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டன. அமெரிக்கப் பத்திரிகையாளர் சங்கம் ஒன்று, பெறுமதியுள்ள எதனையும் ஏற்றுக்கொள்ளலாகாது என்று தன் ஒழுக்கக் கோவையில் திட்டவட்டமாக எழுதியது 1973இலேயே. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 1986 அக்டோபரில், வோல்ட் டிஸ்னி நிறுவனம் தன் புளோரிடா உல்லாசபுரியின் பதினைந்தாவது ஆண்டு விழாவுக்குப் பல்லாயிரக் கணக்கான பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சியாளரையும் அவர்தம் விருந்தினரையும் அழைத்தது. செலவின் பெரும்பகுதியை விமானக் கம்பனிகளும் ஹோட்டல்களும் உல்லாசப் பிரயாண அமைப்புகளும் ஏற்றன. அழைப்பிதழில் மூன்று வழிகள் தரப்பட்டிருந்தன: முற்றிலும் இலவசமாக வரலாம், நாளொன்றுக்கு 150 டொலர் செலுத்தி வரலாம், முழுச் செலவையும் செலுத்தி வரலாம். உங்கள் மனச்சாட்சியின் அளவை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்பது இதன் பொருள். நாட்டின் பெரிய பத்திரிகைகள் சில இதனைக் கடுமையாகக் கண்டித்தன.

நடுவழியான 150 டொலரையே நாம் சற்று நின்று நோக்கவேண்டும். செலுத்தியவர் தாம் இனாம் பெறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மைச் செலவு அதைவிட அதிகம். மிகுதி எவ்வளவு என்பது கணக்கில் இல்லை. நேர அட்டவணைக்கு 40 டொலர் கழித்துக்கொண்ட வாரப் பத்திரிகை ஆசிரியரின் அதே மிகுதிதான் இது. மொனொன் வழக்கில் நீதிமன்றம் கண்ட ஓட்டை எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் அதே இடத்தில் திறந்து கிடந்தது.

பெற்றதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும் என்பது இப்போது செல்வாக்குப் பெற்றுவரும் கொள்கை. பிரயாணக் கட்டுரையின் அடியில், இன்ன கம்பனியின் விருந்தினராகச் சென்றோம் என்று ஒரு வரி போடுகின்றனர். அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு ஒன்று 2009இல் வலைப்பதிவு எழுதுவோரும் தாம் பெற்ற பொருளை அறிவிக்க வேண்டும் என்று வழிகாட்டியது. அறிவிப்பது அறிவியாமையிலும் மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வரி யார் செலவு செய்தார் என்பதை மட்டுமே கூறுகிறது. ஹோட்டலின் பின்புறத்தில் துணி வெளுப்பவருக்கு என்ன கூலி, கடற்கரையிலிருந்து எழுப்பப்பட்ட மீனவர் எங்கே போயினர் என்று கட்டுரையாளர் கேட்காமல் விட்டதை அந்த வரி கூறாது. நெப்ராஸ்காப் பத்திரிகைகள் தம் 202 பத்திகளின் அடியிலும் அப்படி ஒரு வரி போட்டிருந்தால், விவசாயிக்கு வேண்டிய 203ஆவது பத்தி எங்கிருந்து வந்திருக்கும்?

தேநீர்க் கோப்பையையும் மறுக்கவேண்டுமா என்று கேட்போர் எப்போதும் உண்டு. தொழிலாளி வீட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போகும் நிருபர், அங்கு கொடுக்கும் தேநீரை மறுத்தால் அது அவமதிப்பு. அதே நாளில் அவர் வீட்டுக்கும் தொழிலாளி வரலாம், அதே தேநீரை அருந்தலாம். திருப்பிக் கொடுக்கக்கூடியது உபசாரம். திருப்பிக் கொடுக்க இயலாத அளவினதையே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வறிய பத்திரிகை என்ன செய்வது என்னும் கேள்வியே எஞ்சி நிற்கின்றது. பெரும் பத்திரிகைகள் பாஸை இழந்தபின்னரும் நகரக் கடைகளின் விளம்பர வருமானத்தால் தளரவில்லை. தம் நிருபரின் விமானச் சீட்டைத் தாமே வாங்கிவிட்டு, வாங்க முடியாதவரைப் பார்த்து ஒழுக்கம் போதிப்பது அவற்றுக்கு எளிது. சிறு பத்திரிகைக்கு அதன் வாசகரைத் தவிர வேறு பணப்பை இல்லை. சந்தாவை விறகாகக் கொடுத்த அந்த விவசாயிகளே, தலைநகருக்குச் செல்லும் ஆசிரியருக்கு மைலுக்கு 3 சதமும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். நாம் மேலே கற்பித்த கணக்கின்படி 4000 மைலுக்கு 120 டொலர். ஆறு நூறு சந்தாதாரர் இருப்பின் ஒருவருக்கு ஆண்டுக்கு 20 சதம் வரும்.